அச்சகத்தின் பத்தாம் ஆண்டில் உடன் உழைத்தவர்களுக்கு எழுதிய கடிதம்

எங்கள் ஆஃப்செட் அச்சகம் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நிறைந்தபோது, அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம்தான். பதினான்கு பேர் வேலை பார்க்கும் சின்ன இடம் அது. சிறு தொழில் நடத்தும் பலர் இப்படி ஒரு கடிதம் எழுத ஆசைப்படுகிறார்கள். எழுத உட்கார்ந்ததும் "உங்கள் கடின உழைப்பும் அர்ப்பணிப்பும்" என்ற வரியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு உதவிய வழியை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். எங்கள் அச்சகத்தில் "இங்கே இப்படித்தான் செய்வோம்" என்று சொல்லும் பழக்கங்கள் நிறைய உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்தில் அவற்றைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நான் போட்ட விதிகள் அல்ல. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வேலையில், யாரோ ஒருவர் கண்டுபிடித்துத் தொடங்கி வைத்தவை. நாளாக ஆக அது யார் தொடங்கியது என்பது மறந்து, அச்சகத்தின் வழக்கம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு பழக்கத்தையும் அதைத் தொடங்கியவர் பெயரோடு எழுதி வைப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை என்று வைத்துக்கொண்டேன். என் கதைக்கு, அதாவது இடம் பிடித்தது, கடன் வாங்கியது, முதல் இயந்திரம் வந்தது ஆகியவற்றுக்கு, நான்கு வரி ஒதுக்கினேன். அது போதும். அதை எல்லோரும் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

நினைவிலிருந்து எழுதினால் சரிவராது. அடிக்கடி கண்ணில் படுகிறவரும் நன்றாகப் பேசுகிறவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அதனால் பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அட்டை இருக்கும். காகித வகை, அளவு, எண்ணிக்கை, மை, மடிப்பு எல்லாம் அதில் இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது அச்சிட்ட கட்டங்கள் அல்ல, ஓரத்தில் பேனாவாலும் பென்சிலாலும் எழுதியிருந்த குறிப்புகள். "நார் பார்த்து வெட்டவும்." "நம்பருக்குப் போன் போட்டாச்சு." "சின்னக் கட்டாகக் கட்டவும், லிஃப்ட் இல்லை." இந்தக் குறிப்புகள் எந்த ஆண்டிலிருந்து வரத் தொடங்கின, கையெழுத்து யாருடையது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட வேலைகளின் கோப்பையும் பார்த்தேன். ஒரு வகைப் புகார் ஒரு காலத்தில் அடிக்கடி வந்து, பிறகு நின்றுபோயிருந்தால், நடுவில் யாரோ ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். வருகைப் பதிவேடு இதற்கு உதவாது. யார் வந்தார்கள் என்பதுதான் அதில் இருக்கும், வந்து என்ன செய்தார்கள் என்பது இருக்காது.

வெட்டும் பிரிவில் இருக்கும் அண்ணனைப் பற்றி எழுதிய பத்தியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பத்திகளுக்கும் அதுதான் அளவுகோல் ஆனது. முதலில் மனதில் வந்த வரி இது: "வெட்டும் பிரிவில் பத்து ஆண்டுகளாக ஓயாமல் உழைக்கும் அண்ணனுக்கு நன்றி." இதில் பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டு வேறு எந்தப் பட்டறைக்கும் இதே வரியை அனுப்பலாம். அவர் செய்தது வேறு.

காகிதத்துக்கு நார்த்திசை உண்டு. ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் காகிதம் இணங்கி மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும்; கனமான பூச்சுக் காகிதமாக இருந்தால் மடிப்பில் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கருநீலமோ கறுப்போ நிறைய அச்சிட்ட அட்டையில் அந்தக் கோடு தூரத்திலிருந்தே தெரியும். ஆரம்ப ஆண்டுகளில் எங்களுக்கு வந்த புகார்களில் இதுவும் ஒன்று. பெரிய தாளிலிருந்து எத்தனை துண்டு அதிகம் கிடைக்கும் என்ற கணக்கைத்தான் அப்போது எல்லோரும் பார்த்தார்கள். தாளைத் திருப்பி வைத்தால் ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்றால் திருப்பிவிடுவார்கள். நார் குறுக்கே வந்துவிடும்.

அண்ணன் செய்தது இதுதான். வெட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாக நார் ஓடுகிறது. சந்தேகம் இருந்தால் சின்னத் துண்டு ஒன்றைக் கிழித்து ஒரு பக்கம் ஈரமாக்குவார். அது சுருளும்போது குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் நார்த்திசை. பார்த்துவிட்டு, கட்டின் மேல் தாளில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போடுவார். மடிக்கும் பிரிவில் இருப்பவர்கள் அந்த அம்பைப் பார்த்தே வேலையைத் தொடங்குவார்கள். குறுக்கே மடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் மடிப்புக்கோடு அழுத்திவிட்டுப் பிறகு மடிப்பார்கள். அதையும் அவரேதான் அம்புக்குப் பக்கத்தில் எழுதி வைப்பார்.

கடிதத்தில் இப்படிப் போனது: "நம் அச்சகத்தில் வெட்டிய ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சில் அம்பு ஒன்று இருக்கும். அதைத் தொடங்கி வைத்தவர் அண்ணன். இரண்டாம் ஆண்டில் வெடித்த மடிப்புக்காகத் திரும்பி வந்த வேலைகள் கோப்பில் பல இருக்கின்றன. அம்பு வந்த பிறகு அந்தப் புகார் அநேகமாக நின்றுவிட்டது. நேற்றுச் சேர்ந்தவர் போடும் அம்பும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்."

நன்றி என்ற சொல் அதில் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சேர்க்கத் தோன்றவில்லை.

இந்த அளவில் எல்லோருக்கும் ஒரு பத்தி எழுதினேன். வரவேற்பில் ஆர்டர் எடுப்பவர், முகவரி அட்டையில் இருக்கும் தொலைபேசி எண்ணை அச்சுத் தகடு எடுப்பதற்கு முன் தானே அழைத்துப் பார்ப்பார். மணி அடித்து வாடிக்கையாளரே எடுத்தால்தான் வேலை உள்ளே போகும். கணக்குப் பார்ப்பவர், முன்பணம் வராமல் காகிதம் வாங்கும் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார், நான் சொன்னால்கூட. வண்டி ஓட்டுபவர், எந்த வாடிக்கையாளர் இடத்தில் மாடிப்படி ஏற வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் கட்டின் எடையை முடிவு செய்கிறோம். அச்சு இயந்திரத்தில் இருப்பவர், வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த ஓகே ஷீட்டை ஒரே விளக்கின் கீழ் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது ஒரு தாளை உருவி ஒப்பிடுவார். மைக்கும் தண்ணீருக்கும் உள்ள சமநிலை மெல்ல நழுவினால் நிறமும் மெல்ல மாறும். தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஓகே ஷீட்டின் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

எழுதியதை அப்படியே வாசித்துவிடக் கூடாது. ஒவ்வொருவரிடமும் தனியாக அவர் பத்தியை மட்டும் காட்டினேன். இரண்டே கேள்விகள்: இது நடந்ததுதானா, இதை எல்லார் முன்னாலும் சொல்லலாமா? முழுக் கடிதத்தையும் காட்டினால் மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பத்தி சரியா என்பதில் கவனம் இருக்காது.

இந்தக் கேள்விகளால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு புத்தக வேலையில், ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் தொகுதி, இல்லாமலே பல பிரதிகள் அடுக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஒட்டுவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. ஜாப் கார்டில் கையெழுத்து அச்சு இயந்திரக்காரருடையது. அவர் பத்தியில் அதை எழுதிக் காட்டியதும், "சார், அது நான் இல்லை. நான் கார்டில் எழுதினேன், அவ்வளவுதான். முதலில் பார்த்தது பைண்டிங் அக்கா" என்றார்.

அக்காவிடம் போனேன். அவர் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அச்சிட்டிருப்போம். ஃபாரம் மாற மாற அந்தக் கட்டம் சற்றுக் கீழே இறங்கும். சரியாக அடுக்கினால் முதுகில் படிக்கட்டு மாதிரி ஒரு வரிசை தெரியும். ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்தில் படி உடையும், இரண்டு தடவை வந்தால் ஒரே உயரத்தில் இரண்டு கட்டம் நிற்கும். "அடுக்கி முடிச்சதும் எல்லாத்தையும் சாய்ச்சு வெச்சு ஒரு தடவை முதுகைப் பார்ப்பேன். வரிசை நேரா வரலைன்னா கையை நிறுத்திடுவேன்" என்றார். முன்பு பிரதிக்குப் பிரதி பக்கங்களைப் புரட்டித்தான் சரிபார்த்தார்கள். மொத்தமாகச் சாய்த்து வைத்து ஒரே பார்வையில் பார்க்கும் வழக்கம் அவரிடமிருந்து வந்தது. கார்டுகளில் அக்காவின் கையெழுத்து எங்கேயும் இல்லை, அவர் எழுதுவதில்லை. ஆகவே ஏட்டில் கையெழுத்தில்லாதவர்களிடம் கூடுதலாக உட்கார்ந்து பேச வேண்டும். கூடவே, பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் "இவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தது. "அவர் எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் நல்லவர் என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும்.

ஒருவர் தன் பத்தியில் ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். வீட்டு நிலைமை சம்பந்தப்பட்டது; நான் அவரைப் பாராட்டும் எண்ணத்தில்தான் எழுதியிருந்தேன். காரணம் கேட்காமல் எடுத்தேன். அவர் செய்த வேலை மட்டும் நின்றது.

எதைப் பாராட்டுவது என்பதில் நான் கறாராக இருந்தது ஓரிடத்தில். காய்ச்சலோடு வந்தவர், விடுப்பே எடுக்காதவர், இரவு முழுக்க நின்றவர் என்று எழுதுவது எளிது, கேட்கவும் உருக்கமாக இருக்கும். ஆனால் முதலாளி எல்லார் முன்னாலும் அதைப் புகழ்ந்துவிட்டால், அடுத்த முறை காய்ச்சல் வருகிறவர் வீட்டில் படுக்க யோசிப்பார். இரவு வேலை வந்ததே பெரும்பாலும் நேரக் கணக்கு இறுக்கமாக இருந்ததால்தான். அந்தக் கணக்கைப் போடுவது என் வேலை. அதனால் உடம்பை வருத்திக்கொண்டதை எங்கேயும் பாராட்டவில்லை. கைத்திறனையும் கவனத்தையும் மட்டும் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய வாடிக்கையாளர் பணத்தை இழுத்தடித்ததால், இரண்டு மாதம் சம்பளம் பாதிதான் கொடுக்க முடிந்தது. பத்தாண்டுக் கதையில் அதை விட்டுவிட முடியாது. அன்று இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது நினைவிருக்கிறது. "நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தீர்கள்" என்று எழுதினால் அழகாக இருந்திருக்கும், ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை மட்டும் எழுதினேன்: "அந்த இரண்டு மாதம் உங்களுக்குச் சேர வேண்டியதில் பாதி நின்றது. மீதி நான்காம் மாதம் வந்தது. அந்த நான்கு மாதம் உங்கள் வீடுகளில் எப்படிப் போனது என்று சிலர் என்னிடம் சொன்னீர்கள், பலர் சொல்லவில்லை. முன்பணம் இல்லாமல் காகிதம் வாங்குவதில்லை என்ற வழக்கம் அதற்குப் பிறகு கணக்குப் பிரிவிலிருந்து வந்தது." வாசித்தபோது அந்த இடத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கணக்குப் பார்ப்பவரைத்தான் பார்த்தார்கள்.

வேலையை விட்டுப் போனவர்கள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அவர்கள் செய்தது இன்னும் நடந்துகொண்டிருந்தால், அவர்கள் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் முன்பு இருந்த ஓர் அச்சுத் தொழிலாளி, எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு அழுத்தம், எந்த மை எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் போகும்போது எங்களுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. நோட்டு இன்னும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது, இன்றைக்கும் புரட்டுகிறார்கள். அவருக்குப் போன் செய்து, பெயரைப் போடலாமா என்று கேட்டேன். போடுங்கள் என்றார். பிரிந்த விதத்தைப் பற்றி நல்லதாகவும் எழுதவில்லை, கெட்டதாகவும் எழுதவில்லை. நோட்டைப் பற்றி மட்டும் எழுதி, கடிதத்தின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பினேன்.

புதிதாக வந்தவருக்கு எழுதுவதுதான் கஷ்டம். சேர்ந்து சில மாதமே ஆன ஒரு தம்பி இருந்தார். "எதிர்காலத்தின் நம்பிக்கை" என்றெல்லாம் எழுதினால் அவருக்கே கூச்சமாக இருக்கும். அவர் வந்த புதிதில், மை டப்பாக்களின் மூடியில் மட்டும்தான் பெயர் இருக்கிறது, மூடி மாறிவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு டப்பாவின் உடம்பிலும் ஒட்டத் தொடங்கினோம். இரண்டு வரி போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே நீளம் வர வேண்டும் என்பதில்லை. எல்லோருக்கும் உண்மையான ஒன்று இருக்க வேண்டும்.

பெயர்களின் வரிசை சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கேட்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். பதவிப்படி போட்டால் கடைசியில் வருகிறவர் கடைசி ஆளாகிவிடுவார். சேர்ந்த ஆண்டுப்படி போட்டால் முதல் பக்கம் முழுக்கப் பழையவர்கள்தான். நான் வேலை நகரும் வரிசையில் எழுதினேன்: ஆர்டர் எடுப்பது, தகடு, வெட்டு, அச்சு, மடிப்பு, பைண்டிங், கட்டுவது, வண்டி, கடைசியில் பில். அந்த வரிசையில் யாரும் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு ஆர்டர் கை மாறிப் போவது அப்படியே கடிதத்திலும் தெரிந்தது. நாற்பது பேருக்கு மேல் இருந்தால் இந்த முறை தாங்காது என்று நினைக்கிறேன். அப்போது பொதுக் கடிதத்தில் பிரிவுகளை எழுதிவிட்டு, ஆளுக்கு ஒரு தனிக் குறிப்பு கொடுப்பது நல்லது.

ஊதிய உயர்வையும் வருங்காலத் திட்டங்களையும் இந்தக் கடிதத்தில் கலக்கவில்லை. உயர்வு பற்றிய தனிக் கடிதங்கள் அதற்கு முந்தைய வாரமே எல்லோர் கையிலும் கொடுக்கப்பட்டுவிட்டன. இல்லாவிட்டால் பாராட்டு வாசிக்கும்போதே, இது உயர்வுக்குப் பதிலாகவா என்ற எண்ணம் ஓடும். அது நியாயமான எண்ணமும்கூட. சொந்தக் கட்டடம் பற்றி ஒரு கனவு எனக்கு உண்டு, அதை எழுதவில்லை. முதலாளி எழுதிக் கொடுத்த தாளில் இருப்பதை எல்லோரும் வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்வதுதான் சரி. எழுதிய ஒரே வருங்காலச் செய்தி, இயந்திரம் கழுவும் இடத்தில் கரைப்பான் நெடி வெளியேற ஒரு காற்றுப்போக்கி வைக்கப்போகிறோம் என்பது. அது ஆர்டர் கொடுத்து, பொருத்தும் நாளும் முடிவாகியிருந்தது.

கடிதத்தை வேலை நேரத்துக்குள்ளேயே வாசித்தேன், இயந்திரங்களை நிறுத்திவிட்டு. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கூட்டினால் பாதிப் பேர் மனம் பேருந்தில் இருக்கும். இரவு முறைக்கு வருகிறவர்களுக்கு அதே நாள் இரவு திரும்ப ஒருமுறை முழுவதும் வாசித்தேன். தாளை மட்டும் கொடுத்து அனுப்பினால் அவர்கள் இரண்டாம் பட்சம் என்று ஆகிவிடும். பிறகு ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். எங்கள் இடத்திலேயே, நல்ல காகிதத்தில், அச்சிட்டு, நார்த்திசை பார்த்து மடித்தது.

வாசித்து முடித்த வாரத்தில் மூன்று பேர் வந்து, விட்டுப்போனவற்றைச் சொன்னார்கள். மூன்றும் அவர்களைப் பற்றியது அல்ல, வேறு ஒருவரைப் பற்றியது. அவற்றைச் சரிபார்த்துச் சேர்த்து, திருத்திய பிரதி ஒன்றை அறிவிப்புப் பலகையில் போட்டோம். இப்போது ஜாப் கார்டிலேயே ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: "இந்த வேலையில் யார் எதைக் கவனித்தார்." எழுதப் பழகாதவர்கள் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் எழுதிவிடுகிறார். கார்டுகள் மாதக் கடைசியில் என் மேசைக்கு வருகின்றன. அந்தக் கட்டத்தில் இருப்பதை மட்டும் ஒரு நோட்டில் பெயரோடு எடுத்து எழுதி வைக்கிறேன்.